பரவல் தெரியாத மாறி சராசரியை விட்டு எவ்வளவு விலகும்? ஒரு படக் கேள்விக்கு முழுத் தீர்வு

நிகழ்தகவுப் பாடத்தில் மாணவர்கள் படம் பிடித்து அனுப்பும் கேள்விகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். சராசரி கொடுத்திருப்பார்கள், பரவற்படி கொடுத்திருப்பார்கள், வேறு எதுவும் இருக்காது. இயல்நிலைப் பரவலா, சீரான பரவலா என்று ஒரு வார்த்தை கிடையாது. அட்டவணையைத் திறந்தாலும் எந்த அட்டவணை என்று தெரியாது. "கேள்வியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் எதுவும் விட்டுப்போகவில்லை. பரவலின் வடிவம் தெரியாவிட்டாலும் எதை உறுதியாகச் சொல்லமுடியும் என்பதுதான் கேள்வியே.

அப்படி ஒரு கேள்வியை இங்கே கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

> X என்ற சமவாய்ப்பு மாறியின் சராசரி μ = 50, பரவற்படி σ² = 16. இதன் பரவல் தெரியாது.
>
> (அ) P(|X − 50| ≥ 10) அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்?
>
> (ஆ) P(|X − 50| < c) ≥ 0.96 என்று உறுதியாகச் சொல்ல c எவ்வளவு இருக்கவேண்டும்?
>
> (இ) P(42 < X < 62) குறைந்தபட்சம் எவ்வளவு?

முதலில் படத்தைச் சரியாகப் படியுங்கள்

கணக்கில் கை வைக்குமுன் படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, σ-வின் தலைக்கு மேல் உள்ள 2. மங்கலான படத்தில் முதலில் காணாமல் போவது இதுதான். "σ = 16" என்று எடுத்துக்கொண்டால் பரவற்படி 256 ஆகிவிடும், விடை தலைகீழாகும். இரண்டாவது, மட்டுக் கோடுகள். |X − 50| என்பதன் செங்குத்துக் கோடுகள் படத்தில் 1 போலவோ அடைப்புக்குறி போலவோ தெரியலாம். மட்டு இருந்தால் இரண்டு பக்க விலகலும் சேர்த்தி, இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும். மூன்றாவது, ≥ குறியா ≤ குறியா என்பது. "வெளியே இருக்கும் நிகழ்தகவு" கேட்டால் மேல்வரம்பு தரவேண்டும், "உள்ளே இருக்கும் நிகழ்தகவு" கேட்டால் கீழ்வரம்பு.

σ-வா σ²-ஆ என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் கணக்கே தீர்த்துவைக்கும். 16 என்பதைத் திட்ட விலக்கமாக எடுத்து (அ)-வைப் போட்டால் வரம்பு 256/100, அதாவது 2.56. நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே 2.56 என்ற வரம்பு பொய்யில்லை, ஆனால் எதற்கும் உதவாது. பாடப்புத்தகக் கேள்வி ஒன்றுக்கு இப்படி உதவாத வரம்பு வந்தால், அநேகமாகப் படத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

சூத்திரத்துக்கு முன் காரணம்

இந்தக் கணக்குக்கான கருவியின் பெயர் செபிஷெவ் சமனிலி. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷெவ் 1867-இல் இதை நிறுவினார். பிரான்ஸின் பியெனமே 1853-லேயே சொல்லிவிட்டார் என்பதால் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் நிறுவல் மூன்று வரிதான். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் (இ)-யில் போய் நின்றுவிடுவார்கள். அதனால் காரணத்தைப் பார்த்துவிட்டே மேலே போவோம்.

பரவற்படி என்பது (X − 50)² என்பதன் சராசரி. அது 16 என்று கொடுத்திருக்கிறார்கள். இதைக் கையில் உள்ள மொத்தப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். X எங்கே போய் நின்றாலும் செலவு உண்டு: 50-இல் நின்றால் செலவு 0, 53-இல் நின்றால் 9, 60-இல் நின்றால் 100. சராசரிச் செலவு சரியாக 16 ஆகவேண்டும்.

இப்போது X, 50-ஐ விட்டு 10 அல்லது அதற்கு மேல் விலகும் நிகழ்தகவை p என்போம். அப்படி விலகும்போதெல்லாம் செலவு குறைந்தது 100. ஆக, அந்தப் பகுதி மட்டுமே சராசரிச் செலவில் குறைந்தது 100p எடுத்துக்கொள்ளும். மீதிப் பகுதியின் செலவு வர்க்கம் என்பதால் எதிர்மறையாகாது. அங்கிருந்து பணம் திரும்பி வராது. ஆகவே

100p ≤ 16, அதாவது p ≤ 0.16.

நிறுவல் முடிந்தது. எங்கேயும் பரவலின் வடிவத்தை நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடர்ச்சியான மாறியா, தனித்த மாறியா, ஒரு பக்கம் சாய்ந்ததா, இரண்டு மேடு உள்ளதா என்ற எந்தக் கேள்வியும் எழவில்லை. 10-க்குப் பதில் c என்று எழுதினால் பொது வடிவம் கிடைக்கும்:

P(|X − μ| ≥ c) ≤ σ²/c²

பல புத்தகங்களில் c = kσ என்று வைத்து 1/k² என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். எனக்கு c வடிவமே பிடிக்கும். பரவற்படியை நேரடியாகப் போடலாம், வர்க்கமூலம் எடுக்கும்போது வரும் பிழை மிச்சம்.

(அ) வெளியே போகும் நிகழ்தகவு

இது மேலேயே முடிந்துவிட்டது: P(|X − 50| ≥ 10) ≤ 0.16. மறுபக்கமாகச் சொன்னால் P(40 < X < 60) ≥ 0.84.

விடைத்தாளில் பலர் இங்கே "= 0.84" என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. உண்மையான நிகழ்தகவு நமக்குத் தெரியாது, 0.84-க்குக் குறையாது என்பது மட்டுமே தெரியும்.

உடனே ஒரு கேள்வி வரும். 0.16 என்பது நாம் அசட்டையாகக் கணக்குப் போட்டதால் வந்த பெரிய எண்ணா, இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் போட்டால் குறையுமா? குறையாது. இந்தப் பரவலைப் பாருங்கள்:

- X = 40, நிகழ்தகவு 0.08
- X = 50, நிகழ்தகவு 0.84
- X = 60, நிகழ்தகவு 0.08

இரு பக்கமும் சமம் என்பதால் சராசரி 50. பரவற்படி 0.08 × 100 + 0.08 × 100 = 16. கேள்வியின் இரண்டு நிபந்தனைகளும் அப்படியே பொருந்துகின்றன. 10 அல்லது அதற்கு மேல் விலகும் நிகழ்தகவும் சரியாக 0.16. பணம் முழுவதையும் 10 தூரத்தில் மட்டுமே செலவழித்து, மற்ற நேரத்தில் 50-இலேயே உட்கார்ந்துகொள்ளும் பரவல் இது. சராசரியும் பரவற்படியும் மட்டும் தெரிந்த நிலையில் 0.16-க்குக் கீழே எந்த எண்ணை எழுதினாலும் இந்தப் பரவல் அதைப் பொய்யாக்கிவிடும்.

(ஆ) c-ஐக் கண்டுபிடிப்பது

உள்ளே குறைந்தது 0.96 வேண்டும் என்றால் வெளியே அதிகபட்சம் 0.04. ஆகவே

16/c² ≤ 0.04
c² ≥ 400
c ≥ 20

விடை c = 20; இடைவெளி 30 முதல் 70 வரை.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, 0.96-ஐ நேரடியாக 16/c² என்பதற்குச் சமன்படுத்துவது. அப்படிச் செய்தால் c சுமார் 4.08 வரும். இது தவறு என்று கண்டுபிடிக்க விடைப் பக்கம் தேவையில்லை. திட்ட விலக்கம் 4. ஏறக்குறைய ஒரே ஒரு திட்ட விலக்கத்துக்குள் 96 சதவீதம் அடங்கிவிடும் என்று, வடிவமே தெரியாத பரவலுக்குச் சொல்கிறோமா? மணி வடிவ இயல்நிலைப் பரவலில்கூட ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 சதவீதம்தான் அடங்கும்.

அதே இயல்நிலைப் பரவலுக்கு 0.96 கிடைக்க c சுமார் 8.2 போதும். நமக்கு 20 தேவைப்படுகிறது. வடிவம் தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை அவ்வளவு.

(இ) இடைவெளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். 42 < X < 62 என்ற இடைவெளியின் நடுவில் 50 இல்லை. இடப்பக்கம் 8, வலப்பக்கம் 12. செபிஷெவ் சூத்திரம் சராசரியை நடுவாகக் கொண்ட இடைவெளிக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. என்ன செய்வது?

எளிதான வழி, உள்ளே அடங்கும் சமச்சீர் இடைவெளியை எடுப்பது. 42-க்கும் 58-க்கும் நடுவே இருந்தால் 42-க்கும் 62-க்கும் நடுவே இருப்பது நிச்சயம். அதற்கு c = 8; வரம்பு 1 − 16/64 = 0.75. இது சரியான கீழ்வரம்புதான். பல இடங்களில் இந்த விடைக்கே முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் 58 முதல் 62 வரையிலான இடத்தை நாம் பயன்படுத்தவே இல்லை.

செலவுக் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். செலவை 50-இலிருந்துதான் அளக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இடைவெளியின் நடுப்புள்ளி 52. அங்கிருந்து அளப்போம். 52-இலிருந்து எடுத்த வர்க்க விலகலின் சராசரி எவ்வளவு? பரவற்படியோடு, நடுப்புள்ளி நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டினால் போதும்:

E(X − 52)² = 16 + (52 − 50)² = 20

இடைவெளிக்கு வெளியே இருந்தால் 52-இலிருந்து விலகல் குறைந்தது 10, வர்க்கம் குறைந்தது 100. ஆகவே வெளியே இருக்கும் நிகழ்தகவு அதிகபட்சம் 20/100 = 0.20.

P(42 < X < 62) ≥ 0.80

0.75 இப்போது 0.80 ஆகிவிட்டது. செலவில் 4 கூடியது. ஆனால் வெளியே போவதற்கான விலை 64-இலிருந்து 100-க்கு ஏறிவிட்டது. லாபம் அங்கிருந்து வருகிறது.

இதற்கு மேலும் கூட்டமுடியுமா? முடியாது. இந்தப் பரவலைச் சோதியுங்கள்: X = 42, நிகழ்தகவு 0.2; X = 52, நிகழ்தகவு 0.8. சராசரி 8.4 + 41.6 = 50. பரவற்படி 0.2 × 64 + 0.8 × 4 = 12.8 + 3.2 = 16. இடைவெளிக்குள் இருக்கும் நிகழ்தகவு சரியாக 0.80.

இந்த இரண்டு புள்ளிப் பரவல் இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். சிலர் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, "வரம்பில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம்" என்று எழுதுவார்கள். இடப்பக்கம் 16/64-இல் பாதி 0.125, வலப்பக்கம் 16/144-இல் பாதி சுமார் 0.056. கூட்டினால் 0.181, ஆக உள்ளே குறைந்தது 0.819 என்று முடிப்பார்கள். பார்க்க அழகான விடை. ஆனால் சரியாக 0.80 மட்டுமே கொண்ட பரவல் நம் கண் முன்னால் இருக்கிறது. பரவல் சராசரியைச் சுற்றிச் சமச்சீரானது என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டுமே பாதியாக்கலாம்.

வலது முனையை 62-இலிருந்து 82-க்குத் தள்ளினால் என்ன ஆகும்? நடுப்புள்ளி 62, அரை அகலம் 20. வரம்பு (16 + 144)/400 = 0.40, உள்ளே குறைந்தது 0.60. இடைவெளி பெரிதாகிறது, உத்தரவாதம் சிறிதாகிறது! இது அபத்தம்தான், 42–62 இடைவெளி 42–82-க்குள்ளேயே இருக்கிறது, ஆகவே 0.80 என்பது அங்கேயும் செல்லும். நடுப்புள்ளி வழி எப்போதும் உண்மையையே சொல்லும், ஆனால் எப்போதும் சிறந்ததைச் சொல்லாது. சாய்வு அதிகமாக இருந்தால் உள்ளே ஒரு சிறிய இடைவெளியைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

எந்தச் சிறிய இடைவெளி? 42-இல் தொடங்கி அரை அகலம் h உள்ள இடைவெளியை எடுங்கள். அதன் நடுப்புள்ளி 42 + h. வரம்பு (16 + (h − 8)²)/h². இதை மிகச் சிறிதாக்கும் h-ஐ வகையிட்டுப் பார்த்தால் h = 10 வரும். அதாவது 42 முதல் 62 வரை. ஆகவே வலது முனையை 62-க்கு மேல் எங்கே தள்ளினாலும், முடிவிலிக்கே கொண்டுபோனாலும், 0.80-க்கு மேல் ஒரு துளியும் கிடைக்காது. மேலே சொன்ன 42, 52 பரவலே அதற்கும் சாட்சி.

முடிவிலிவரை போனால் கிடைப்பதற்குத் தனிப் பெயர் உண்டு, கான்டெல்லி சமனிலி. ஒரு பக்க விலகல் a-க்கு:

P(X ≤ μ − a) ≤ σ²/(σ² + a²)

a = 8 என்று போட்டால் 16/80 = 0.20. அதே எண். படத்தில் மட்டுக் கோடு இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கேட்டிருந்தால் இதைத்தான் பயன்படுத்தவேண்டும்.

கேள்வியில் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

படத்தின் ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கலாம். "ஒற்றை மேடு உள்ள தொடர்ச்சியான பரவல்" என்று ஒரு சொற்றொடர் இருந்தால் கணக்கே மாறிவிடும். 1980-இல் விசோசான்ஸ்கி, பெடுனின் இருவரும் நிறுவிய சமனிலிப்படி, ஒற்றை மேடுள்ள பரவலுக்கு, விலகல் சுமார் 1.63 திட்ட விலக்கத்துக்கு மேல் இருந்தால், செபிஷெவ் வரம்பை 4/9 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். (அ)-வில் விலகல் 2.5 திட்ட விலக்கம் என்பதால் நிபந்தனை நிறைவேறுகிறது, 0.16 உடனே சுமார் 0.071 ஆகிறது. இயல்நிலைப் பரவல் என்றே சொல்லியிருந்தால் விடை சுமார் 0.012. சீரான பரவல் என்றால் விடை பூச்சியம்: திட்ட விலக்கம் 4 உள்ள சீரான பரவல் சராசரியிலிருந்து 6.93-க்கு மேல் போகவே போகாது.

மாறி முழு எண்களை மட்டுமே எடுக்கும் என்று சொல்லியிருந்தால் முனைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 42 ≤ X ≤ 62 என்று கேட்டால் வெளியே என்பது 41-உம் அதற்குக் கீழும், 63-உம் அதற்கு மேலும். அப்போது நடுப்புள்ளி 52-ஏ, ஆனால் விலகல் குறைந்தது 11. வரம்பு 20/121, சுமார் 0.165. ஒரு சின்னச் சமக்குறியால் 0.80 என்ற உத்தரவாதம் 0.83-ஐத் தாண்டிவிடுகிறது.

எங்கே இது கைகொடுக்காது

c திட்ட விலக்கத்துக்குச் சமமாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வரம்பு 1 அல்லது அதற்கு மேல். P(|X − 50| ≥ 3) என்று கேட்டால் 16/9 வரும். "1-க்கு மேல் போகாது" என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

பரவற்படியே இல்லாத மாறிகளும் உண்டு. காஷி பரவலுக்குச் சராசரிகூடக் கிடையாது. அத்தகைய மாறியிலிருந்து தரவு சேர்த்தால், மாதிரி பெரிதாகப் பெரிதாகக் கணக்கிட்ட பரவற்படி ஓரிடத்தில் அமைதியடையாது. நடுநடுவே ஒரே ஒரு பெரிய எண் வந்து அதைத் தூக்கியடிக்கும். அந்த அறிகுறியைக் கண்டால் இந்தச் சமனிலியை எடுக்கவே கூடாது.

கடைசியாக, 50-உம் 16-உம் கேள்வியில் கொடுத்தவையா, முப்பது எண்களிலிருந்து நீங்களே கணக்கிட்டவையா என்று பாருங்கள். நீங்களே கணக்கிட்டிருந்தால், அந்த முப்பது எண்களைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசலாம்: வர்க்க விலகல்களின் கூட்டுத்தொகை 30 × 16 = 480; 10-க்குக் குறையாமல் விலகிய ஒவ்வோர் எண்ணும் அதில் குறைந்தது 100 எடுக்கும்; ஆகவே அப்படிப்பட்ட எண்கள் நான்குக்கு மேல் இருக்கமுடியாது. ஆனால் முப்பத்தோராவதாக வரப்போகும் எண்ணைப் பற்றி இதே 0.16-ஐச் சொல்லமுடியாது. மாதிரியின் பரவற்படி உண்மைப் பரவற்படியைவிடச் சிறியதாக இருக்கலாம். அந்த நிச்சயமின்மைக்கு செபிஷெவ் சமனிலியில் இடமில்லை.